காட்டாம அனுப்பமாட்டேன்

ஏழு நிமிஷ நாடகம். மேடையில் இரண்டே பேர்: ஓர் அம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் நிலா. ஒரு ஸ்டூல், ஒரு செல்போன், சார்ட் அட்டையில் பெரிதாக ஒட்டிய ஒரு புகைப்படம். வேறு செலவு எதுவும் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் போடலாம், குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழாவில் போடலாம், மழை நாளில் வீட்டுக் கூடத்திலேயே அம்மாவும் பிள்ளையுமாக ஆடிப் பார்க்கலாம். போட்டோவை இணையத்தில் பகிர்வது பற்றிப் பிள்ளைகளுக்காக எழுதிய நாடகம்தான். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

இந்த விஷயத்தில் வழக்கமாகப் போடப்படும் நாடகங்கள் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசிக் காட்சியில் ஒரு டீச்சரோ போலீஸ்காரரோ வந்து, முகவரியைப் போடாதே, போன் நம்பரைப் போடாதே, யூனிஃபார்மில் எடுத்ததைப் போடாதே, தெரியாதவருக்கு அனுப்பாதே என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தப் பட்டியல் மறந்துபோகும் என்பதுகூடப் பெரிய குறை இல்லை. ‘இந்தப் படம் பாதுகாப்பானதா?’ என்று ஒன்பது வயதுப் பிள்ளையைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறதே, அதுதான் குறை. பிள்ளை படத்தைப் பார்த்தால் முதலில் தன் முகத்தைத்தான் பார்க்கும். சிரிப்பு நன்றாக விழுந்திருக்கிறதா, கண் மூடியிருக்கிறதா, பதக்கம் தெரிகிறதா. பின்னால் இருக்கும் கதவு எண்ணை அது எங்கே பார்க்கப் போகிறது?

ஆகவே நிலாவுக்கு ஒரே ஒரு விதி. எதையும் அவள் எடைபோட வேண்டியதில்லை, ஒரு காரியத்தைச் செய்தால் போதும்: அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்ட வேண்டும். அதை அவள் தன் வாயால் சொல்லும் வசனம், “காட்டாம அனுப்பமாட்டேன்.” நாடகத்தில் நான்கு காட்சிகள். விதியும் நான்கு தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு நெருக்கடியில். தெருக்கூத்தில் வேஷக்காரர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுகிறார்களே, அதேபோல் கீழே இருக்கும் பிள்ளைகள் இதை வாங்கிச் சொல்ல வேண்டும். சும்மா இருபது முறை கோஷம் போட வைத்தால் மறுநாளே அது வகுப்பில் கேலி வசனமாகிவிடும். நான்கு போதும்.

முதல் காட்சி. நிலா கழுத்தில் பதக்கத்தோடு ஓடி வருகிறாள்.

நிலா: அம்மா! சிலம்பத்துல ரெண்டாவது இடம்! பக்கத்து வீட்டு அக்கா போட்டோ எடுத்துத் தந்தாங்க. குரூப்ல போடப்போறேன்.

அம்மா: எந்த குரூப்பு?

நிலா: வேன் குரூப்பு. நாப்பது பேர் இருக்காங்க.

அம்மா: நாப்பது பேரையும் உனக்குத் தெரியுமா?

நிலா: வேன் அண்ணாவைத் தெரியும். கௌசிகா அம்மாவைத் தெரியும். அப்புறம்... டிபில ரோஜாப்பூ வச்சிருக்கற ஒரு அங்கிள்.

அம்மா: ரோஜாப்பூ அங்கிளா? பேரு என்ன?

நிலா: ரோஜாப்பூதான்.

அம்மா: சரி, படத்தைக் காட்டு. (சார்ட் அட்டையைத் தூக்கி நிறுத்துகிறாள்.) நீ ஜோரா இருக்கே. இப்போ உன்னை விட்டுட்டு மத்ததை மட்டும் பார்ப்போம். நான் உன்னை யாருன்னே தெரியாத ஆளு. என் கையில இருக்கறது இந்தப் படம் ஒண்ணுதான். சொல்லட்டுமா? உன் பேரு நிலா. அஞ்சாம் வகுப்பு, பி பிரிவு. ரத்தம் ஓ பாசிட்டிவ். உங்கப்பா போன் நம்பர் இதோ இருக்கு.

நிலா: எப்படிம்மா?

அம்மா: கழுத்துல ஐடி கார்டு தொங்குதே! இன்னும் இருக்கு. வீட்டுக் கதவு நம்பர் பதினேழு. வண்டி நம்பர் பிளேட்டு தெரியுது. ஜன்னல் வழியா உள்ள சுவத்துல டைம்டேபிள் தெரியுது. சாயங்காலம் அஞ்சரையில இருந்து ஏழு வரைக்கும் நீ டியூஷன்ல இருப்பே.

இந்த இடத்தில் அம்மா எல்லாவற்றையும் தானே சொல்லிவிடக் கூடாது. ஐடி கார்டை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு, “வேற என்ன தெரியுது?” என்று கீழே இருப்பவர்களைக் கேட்டால் மீதியைப் பிள்ளைகளே கத்திச் சொல்வார்கள். சார்ட்டில் அந்தந்த இடத்தின்மேல் ஒரு சிறு காகித மூடியை ஒட்டி, சொல்லச் சொல்லத் திறந்தால் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

‘போட்டோவில் அவ்வளவு சின்ன எழுத்தா தெரியும்?’ என்று பெரியவர்களுக்குச் சந்தேகம் வரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண 12 மெகாபிக்சல் கேமராவில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் ஏறத்தாழ 4000 புள்ளி உயரமும் 3000 புள்ளி அகலமும் இருக்கும். நிலாவைத் தலையிலிருந்து இடுப்பு வரை, 60 சென்டிமீட்டர் அளவுக்குச் சட்டகம் நிறைய எடுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 66 புள்ளி கிடைக்கிறது. ஐடி கார்டில் போன் நம்பர் 2 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அச்சாகியிருந்தால் அதற்கு 13 புள்ளி. படித்துவிடலாம். அதே பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்று கால் வரை எடுத்தால் அந்த எழுத்துக்கு ஐந்தாறு புள்ளிதான் மிஞ்சும். அது வெறும் கறை, எழுத்தாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் அனுப்பும்போது படம் சுருங்கி, நீளவாட்டில் ஏறத்தாழ 1600 புள்ளிக்கு வந்துவிடும். அப்போது இடுப்பளவுப் படத்திலும் நம்பர் கலங்கிவிடும். ஆனால் 4 மில்லிமீட்டர் எழுத்தில் இருக்கும் பெயரும் பள்ளிப் பெயரும் அப்போதும் தப்பிப் பிழைக்கும். 2023இல் வந்த `HD` என்ற பொத்தானைத் தொட்டு அனுப்பினால் சுருக்கம் குறைவு. நம்பரும் திரும்ப வந்துவிடும். மொத்தத்தில், எவ்வளவு நெருங்கி எடுத்தோம், எந்தத் தரத்தில் அனுப்பினோம் என்ற இரண்டும் சேர்ந்துதான் எது தெரியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சந்தேகம் இருந்தால் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். நமக்குப் படிக்க முடிந்தால் அடுத்தவருக்கும் முடியும்.

மறைத்துவிட்டால் போகிறது என்று சிலர் போனில் இருக்கும் பேனாவால் நம்பரின்மேல் கறுப்பாகத் தீட்டிவிடுவார்கள். ஹைலைட்டர் வகைப் பேனா என்றால் அது முழுக்க மறைப்பதில்லை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து எட்டிப் பார்க்கும். வெட்டிவிட்ட பகுதியும் சில சமயம் கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கும். கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தக் கருவியில் அப்படியொரு ஓட்டை இருந்தது 2023இல் வெளிவந்தது, பிறகு அதை அடைத்தார்கள். இந்த வித்தையையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, நாடகத்தில் அம்மா சொல்வதே சுலபம்.

அம்மா: கார்டைக் கழட்டிப் பையில போடு. மொட்டை மாடிச் சுவரு வெறுமனே இருக்கு, அங்க நின்னு இன்னொண்ணு எடுத்துக்கலாம். பதக்கம் அங்கேயும் மின்னும்.

நிலா: அப்போ இனிமே?

அம்மா: இனிமே?

நிலா: காட்டாம அனுப்பமாட்டேன்!

போவதற்கு முன் அம்மா சார்ட்டைத் திருப்புகிறாள். பழைய ஸ்டுடியோ படங்களின் முதுகில் தேதியும் ஊரும் எழுதி வைப்பார்களே, அதுபோல் சார்ட்டின் பின்பக்கத்தில் ஒரு தேதி, ஒரு நேரம், இரண்டு எண்கள் எழுதியிருக்கின்றன: 9.9195, 78.1193. கீழே இருக்கும் யாராவது ஒரு பெரியவர் அந்த எண்களைத் தன் போன் மேப்பில் போட்டுப் பார்க்கட்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் போய் நிற்கும். நாடகத்துக்கு இப்படி ஊரறிந்த இடமாகவே எழுத வேண்டும். உண்மைபோல இருக்கட்டும் என்று சொந்த வீட்டு எண்ணை எழுதினால் நாடகம் எதற்கு எதிராகப் பேசுகிறதோ அதையே செய்ததாகிவிடும்.

அந்த எண்கள் வெறும் மேடைத் தந்திரம் இல்லை. ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் கோப்புக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாமல், எடுத்த தேதி, நேரம், கேமராவின் வகை ஆகியவை பதிவாகின்றன. போனில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்துகொள்ளும். எக்ஸிஃப் என்று இதற்குப் பெயர். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம், அதாவது எந்த வீடு என்று சொல்லிவிடலாம். 2012 நவம்பரில் கணினி வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி, பெலீஸ் நாட்டுப் போலீஸ் ஒரு கொலை வழக்கில் விசாரிக்கத் தேடியபோது தலைமறைவானார். அவரோடு இருந்த ‘வைஸ்’ பத்திரிகைக்காரர்கள் ஒரு படத்தைப் பெருமையாக வெளியிட்டார்கள். படத்தின் முதுகில் குவாத்தமாலாவின் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. சில நாளில் அங்கேயே பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர் கதை இது.

நம் பழக்கத்தில் இது எங்கே இடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கும்போதே இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. தரம் குறையக் கூடாது என்று அதே படத்தை `Document` ஆக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். மின்னஞ்சலிலும், டிரைவ் இணைப்பாகக் கொடுத்தாலும் போகும். கல்யாண ஆல்பத்துக்கு, பள்ளி மலருக்கு என்று ‘ஒரிஜினல் அனுப்புங்க’ என்று கேட்கும்போது இது நடக்கிறது. உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்க்க, கேலரியில் ஒரு படத்தைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். சிறு வரைபடம் தெரிந்தால் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சாம்சங் போனில் கேமராவின் அமைப்புகளில் `Location tags` என்பதை அணைக்கலாம். ஐபோனில் அமைப்புகளுக்குள் `Privacy & Security`, அதில் `Location Services`, அதில் `Camera` என்று போய் `Never` கொடுக்கலாம். இது பெரியவர்கள் ஒரு முறை செய்ய வேண்டிய வேலை. பிள்ளையின் விதிக்குள் இதைத் திணிக்க வேண்டாம்.

இரண்டாவது காட்சிதான் நாடகத்தின் உயிர் என்பேன். இதை வெட்டிவிட்டுப் போடச் சொன்னால் போடாமலே இருக்கலாம்.

நிலா அம்மாவின் போனை எடுக்கிறாள், நேரம் பார்க்க. திகைத்து நிற்கிறாள்.

நிலா: அம்மா, என்ன இது?

அம்மா: எது?

நிலா: உன் ஸ்டேட்டஸ்ல நான் எண்ணெய் வழிய வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறேன்!

அம்மா: அழகா இருந்துச்சுடி. அத்தை எல்லாம் ஹார்ட்டு விட்டிருக்காங்க பாரு.

நிலா: எனக்குக் காட்டினியா?

அம்மா: உனக்கா? நான் உன் அம்மாடி!

நிலா: (கீழே இருப்பவர்களைப் பார்த்து) காட்டினாங்களா?

கீழே இருந்து ‘இல்லே!’ என்று வரும். இங்கே அம்மாவாக நடிப்பவர் சமாளிக்கக் கூடாது. ‘பெரியவங்க செஞ்சா வேற’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் முதல் காட்சியில் கட்டியது சரிந்துவிடும். அம்மா போனை வாங்கி, எல்லோரும் பார்க்க அழிக்க வேண்டும். பிறகு விதியை அம்மாவே சொல்ல வேண்டும்: “காட்டாம அனுப்பமாட்டேன்.” நான்கு தடவையில் இந்த ஒரு தடவை மட்டும் அது பெரியவர் வாயிலிருந்து வருகிறது.

பிள்ளைகளின் படங்கள் இணையத்துக்குப் போகத் தொடங்குவதே பிள்ளைகளால் இல்லை. தொட்டிலில் போட்ட நாள், காது குத்தியது, முதல் நாள் பள்ளி, குளியல் தொட்டி என்று பெற்றவர்கள்தான் முதலில் போடுகிறார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று ஒரு தைரியம். ஆனால் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வாட்ஸ்அப் உங்களுக்குச் சொல்லாது. யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்து, அவரும் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் சொந்தக்காரர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? தண்ணீர் கேன் போடுகிறவர், என்றோ ஏசி ரிப்பேருக்கு வந்தவர், பழைய ஸ்கூட்டியை வாங்கிப் போனவர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நிலா எண்ணெய் வழியத் தூங்குவதை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? ஸ்டேட்டஸின் தனியுரிமை அமைப்பில் `Only share with...` என்று ஒன்று இருக்கிறது. பாட்டி, அத்தை, சித்தப்பா என்று பத்துப் பேரை ஒரு முறை தேர்ந்து வைத்துவிட்டால் அவர்களுக்கு மட்டும் போகும்.

தேர்வு முடிவு நாள் வந்தால் இன்னொன்று நடக்கும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முடிவை இணையத்தில் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் கேட்கும். ஹால் டிக்கெட்டில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ‘எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க’ என்று ஹால் டிக்கெட்டைக் குடும்பக் குரூப்பில் போட்ட அப்பாவுக்குப் பின்னால், முடிவு வந்த ஐந்தாவது நிமிஷத்தில் பெரியப்பா மதிப்பெண்ணோடு போன் செய்வார். பிள்ளை அப்போதுதான் இணையத்தைத் திறக்க முயன்றுகொண்டிருக்கும். குற்றமென்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் தன் மதிப்பெண்ணைத் தானே முதலில் பார்க்கும் உரிமை அந்தப் பிள்ளையிடமிருந்து போய்விட்டது. ‘காட்டினியா?’ என்ற நிலாவின் கேள்வி இங்கேயும் பொருந்தும்.

மூன்றாவது காட்சியில் நிலா தனியாக உட்கார்ந்து போனில் விளையாடுகிறாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஆள் மேடைக்கு வரவே கூடாது. கறுப்புச் சட்டை, முகமூடி போட்டு ஒரு வில்லனை இறக்கினால் பிள்ளைகள் முகமூடி போட்டவனைத்தான் தேடுவார்கள். குரல் இனிமையாக, ஒரு பையனின் குரல்போல இருக்கட்டும்.

குரல்: ஹாய் நிலா! செமயா ஆடறே. நானும் அஞ்சாங்கிளாஸ்தான்.

நிலா: அப்படியா? எந்த ஸ்கூலு?

குரல்: அதை அப்புறம் சொல்றேன். உன் போட்டோ ஒண்ணு அனுப்பேன். ஐநூறு காயின் தர்றேன்.

நிலா: ஐநூறா! (போனை முகத்துக்கு நேரே தூக்குகிறாள். நிறுத்துகிறாள்.) காட்டாம அனுப்பமாட்டேன்.

குரல்: யார்கிட்ட காட்டணும்?

நிலா: எங்கம்மாகிட்ட.

குரல்: ஐயையோ, அம்மாகிட்ட எல்லாம் வேணாம். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம். சொன்னா காயின் கிடையாது.

நிலா: (கீழே பார்த்து) ஏன் காட்டக் கூடாதுங்கறான்?

இதற்குக் கீழேயிருந்து வரும் பதில்களுக்கு நேரம் கொடுங்கள். பிறகு நிலா ‘அம்மாஆ!’ என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினால் காட்சி முடிந்தது.

பேசுகிறவன் நல்லவனா கெட்டவனா, சிறுவனா பெரியவனா என்று நிலா கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அவள் யார்மேலும் பழி போடவில்லை, தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். உண்மையிலேயே ஐந்தாம் வகுப்புப் பையனாக இருந்தால் ‘சரி, காட்டிட்டு அனுப்பு’ என்று சொல்லியிருப்பான். ‘காட்டாதே’ என்றவன் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டான். பிள்ளைகளை வசப்படுத்துகிறவர்கள் வழக்கமாக நடக்கும் முறையும் இதுதான்: முதலில் பாராட்டு, பிறகு ஒரு சின்னப் பரிசு, பிறகு ரகசியம், பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். குளிக்கும்போது, உடை மாற்றும்போது எடுத்த படத்தை யாரும் முதல் நாளே கேட்பதில்லை. சாதாரண முகப் படத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால்தான் விதி எல்லாப் படத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ‘தப்பான படத்தை மட்டும் காட்டு’ என்றால் பிள்ளை மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

நான்காவது காட்சி சின்னது, ஆனால் நடிக்கக் கஷ்டமானது. நிலா மெதுவாக வருகிறாள். போனை முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கிறாள்.

நிலா: அம்மா... திட்டமாட்டியே?

அம்மா: (வேலையை நிறுத்திவிட்டு உட்கார்கிறாள்) சொல்லு கண்ணு.

நிலா: காட்டாம அனுப்பிட்டேன்.

அம்மா: சொன்னது நல்லதாப் போச்சு. யாருக்கு அனுப்பினே? எப்போ?

நிலா: முந்தாநேத்து. இன்னொண்ணு கேட்கறாங்க. அனுப்பலேன்னா எல்லாருக்கும் போட்டுடுவேன்னு சொல்றாங்க.

அம்மா: போனைக் குடு, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். காட்டறதுக்கு லேட்டுன்னு ஒண்ணு கிடையாது.

நிலா: இன்னொண்ணு கேட்டா என்ன சொல்றது?

அம்மா: நீ என்ன சொல்லுவே?

நிலா: (நிமிர்ந்து) காட்டாம அனுப்பமாட்டேன்.

ஒத்திகையில் அம்மாவாக நடிப்பவர்களுக்குத் தானாகவே ‘எத்தனை தடவை சொன்னேன்!’ என்று வாயில் வந்துவிடும். அதைக் கண்டிப்பாக நீக்க வேண்டும். போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும் கூடாது. பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தை மறைப்பதற்குப் பெரும்பாலும் அடிக்குப் பயந்தோ போன் போய்விடும் என்று பயந்தோதான். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும், ‘உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவாங்க’ என்று அதைத்தான் ஆயுதமாக எடுப்பான். மேடையில் அம்மா திட்டவில்லை என்பதைக் கீழே இருக்கும் பிள்ளை பார்த்தால் மட்டுமே அது தன் வீட்டில் வாய் திறக்கும்.

நாடகம் இங்கே முடிகிறது. அம்மா அடுத்து என்ன செய்வாள் என்பது மேடைக்குத் தேவையில்லை, பெற்றவர்களுக்குத் தேவை. தெரிந்தவருக்குத் தவறிப் போன படம் என்றால், வாட்ஸ்அப்பில் `Delete for everyone` கொடுக்க இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசம் இருக்கிறது. அரட்டையிலிருந்து படம் போய்விடும். எதிராளி கேலரியில் ஏற்கெனவே சேமித்திருந்தால் அது இருக்கும், ஆகவே ‘அழிச்சிடுங்க’ என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. மிரட்டல் என்றால் நேர் எதிர். எதையும் அழிக்கக் கூடாது. பேச்சு, பெயர், எண், நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு அந்த ஆளை பிளாக் செய்ய வேண்டும். பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் விட்டுவிடுவான் என்று நினைக்க வேண்டாம். கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. புகாரை cybercrime.gov.in தளத்தில் பதியலாம், பெண்கள் குழந்தைகள் தொடர்பான புகாருக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் குற்றம். அதனால் ஆதாரமாக இருக்கட்டும் என்று அந்தப் படத்தையே சொந்தக்காரர்களுக்கு அனுப்பி யோசனை கேட்காதீர்கள். போலீசிடம் மட்டும் காட்டுங்கள்.

அப்படிப்பட்ட படம் வெளியே பரவாமல் தடுக்க takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகைபோன்ற எண் உருவாகி, அந்த எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதே எண் கொண்ட படம் தங்களிடம் வந்தால் நீக்கும். சேராத தளங்களிலும், வாட்ஸ்அப்போன்ற பூட்டிய அரட்டைகளுக்குள்ளும் இது எட்டாது.

நிலாவின் விதிக்கும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அவள் அனுப்பாத, அவள் அம்மாவும் அனுப்பாத படம். டியூஷன் சென்டர் வாசலில் பெயர், பள்ளி, மதிப்பெண்ணோடு வைக்கும் ஃபிளெக்ஸ், பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் ஏறும் ஆண்டு விழாப் படங்கள், நீச்சல் வகுப்பின் விளம்பர வீடியோ. அங்கே பிள்ளை ஒன்றும் செய்ய முடியாது, பெற்றவர்தான் கேட்க வேண்டும். சேர்க்கை விண்ணப்பத்தில் படங்களைப் பயன்படுத்த ஒப்புதல் என்று ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டு, ‘குழுவாக எடுத்த படம் சரி. என் மகளின் தனிப் படம், பெயர், வகுப்பு ஆகியவற்றை எங்களிடம் காட்டி ஒப்புதல் பெறாமல் வெளியிட வேண்டாம்’ என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.